பெரிய சதுரம் கணக்கில் மூலைக் கட்டத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

குறிஞ்சி_கே · மார்ச் 4, காலை 9:12

0, 1 மட்டும் உள்ள கிரிட். அதில் முழுக்க 1 நிறைந்த மிகப் பெரிய சதுரம் எது? LeetCode-இல் 221-ஆம் கணக்கு. எங்கே தேடினாலும் இந்த ஒரே வரிதான்:

```
dp[i][j] = min(dp[i-1][j], dp[i][j-1], dp[i-1][j-1]) + 1
```

மேல் கட்டம், இடப்பக்கக் கட்டம், மேல்-இடது மூலைக் கட்டம். மூன்றில் சிறியதோடு ஒன்று கூட்டு. கட்டம் 0 என்றால் 0. `dp[i][j]` என்பது அந்தக் கட்டத்தைக் கீழ் வலது முனையாகக் கொண்டு முடியும் மிகப் பெரிய சதுரத்தின் பக்கம்.

மூன்றாவது எதற்கு என்பதுதான் என் கேள்வி. மேல் கட்டத்தில் முடியும் சதுரமும் இடப்பக்கக் கட்டத்தில் முடியும் சதுரமும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. நடுவில் இருப்பதையெல்லாம் அவை இரண்டுமே மூடிவிடுகின்றன. மூலையைத் தனியாகக் கேட்பது வீண் என்கிறேன். நான் போட்டுப் பார்த்த கிரிட்டுகளில் இரண்டை மட்டும் வைத்தாலும் அதே விடைதான் வருகிறது. உடையும் இடம் இருந்தால் காட்டுங்கள்.

தாழம்பூ · மார்ச் 4, காலை 9:40

2×2 போதும்.

```
0 1
1 1
```

கீழ் வலது கட்டத்துக்கு மேலே 1, இடப்பக்கம் 1. உங்கள் கணக்குப்படி பக்கம் 2, பரப்பு 4. நாலு கட்டத்தில் ஒன்று 0. சரியான விடை 1.

குறிஞ்சி_கே · மார்ச் 4, காலை 9:58

அது ஓரத்தில் நடக்கிற சங்கதி, மூலைக் கட்டமே 0. நான் கேட்பது பெரிய கிரிட்டில், மூலைக் கட்டம் 1-ஆக இருக்கும்போது. அப்போதும் தவறுமா?

மேற்குமலை · மார்ச் 4, முற்பகல் 11:25

தவறும். 5 வரிசை, 6 நெடுவரிசையில் ஒன்று எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது.

```
கிரிட்            dp
1 1 1 0 1 1      1 1 1 0 1 1
1 1 1 1 1 1      1 2 2 1 1 2
0 1 1 1 1 1      0 1 2 2 2 2
1 1 1 1 1 0      1 1 2 3 3 0
1 1 1 1 1 1      1 2 2 3 4 1
```

பெரிய எண் 4, இருப்பது (4,4)-இல். 1-ஆம் வரிசை முதல் 4-ஆம் வரிசை வரை, 1-ஆம் நெடுவரிசை முதல் 4 வரை, எல்லாம் 1. பரப்பு 16.

இப்போது (2,5)-ஐ மட்டும் கவனியுங்கள். மேலே (1,5)-இல் 2. இடப்பக்கம் (2,4)-இல் 2. மூலை (1,4)-இல் 1. மூலைக் கட்டத்தின் மதிப்பு 0 இல்லை, கிரிட்டிலும் அது 1-தான். நீங்கள் கேட்ட நிலைமை இதுவே.

மேலே உள்ள 2 சொல்வது: 0, 1 வரிசைகளில் 4, 5 நெடுவரிசைகள் நிறைந்திருக்கின்றன. இடப்பக்கத்து 2 சொல்வது: 1, 2 வரிசைகளில் 3, 4 நெடுவரிசைகள் நிறைந்திருக்கின்றன. நாம் கட்டப் பார்ப்பது 0 முதல் 2 வரை வரிசை, 3 முதல் 5 வரை நெடுவரிசை, ஆக 3×3. ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு சதுரமும் சேர்ந்து ஏழு கட்டங்களை மூடுகின்றன. மிச்சம் இரண்டு. ஒன்று (2,5), அதாவது நாம் நிற்கும் கட்டம். அது 1 என்று தெரியும். இன்னொன்று எதிர்க் கோடியில் உள்ள (0,3). அதைப் பற்றி மேலேயும் இடப்பக்கமும் ஒரு தகவலும் தரவில்லை. அங்கே 0 இருக்கிறது.

அந்த 0 இருப்பதால்தான் (1,4)-இன் மதிப்பு 2-க்கு ஏறாமல் 1-இல் நிற்கிறது. மூலைக் கட்டத்தைக் கேட்பதன் பொருள் இதுதான்: அந்தக் கட்டம் 1-ஆ என்று கேட்கவில்லை, அதற்குப் பின்னால் எதிர்க் கோடி வரை நிறைந்திருக்கிறதா என்று கேட்கிறோம்.

இதே கிரிட்டில் மூலையை விட்டுவிட்டால் வருவது:

```
1 1 1 0 1 1
1 2 2 1 2 2
0 1 2 2 3 3
1 2 3 3 4 0
1 2 3 4 5 1
```

பக்கம் 5, பரப்பு 25. அந்த 5×5-க்குள் (0,3), (2,0) இரண்டிலும் 0 உட்கார்ந்திருக்கிறது. முதல் பிழை (1,4)-இல் 1-க்குப் பதில் 2 என்று நுழைகிறது. அங்கிருந்து கீழே, வலப்பக்கம் என்று பரவி, கடைசி வரிசையில் நிஜத்தில் 4 இருக்கிற இடத்தில் 5 ஆகிறது.

வெண்பா_3 · மார்ச் 4, மதியம் 1:03

இந்த இழையிலேயே கேட்டுக்கிறேன், தனியா போட வேண்டாம்னு பார்த்தேன். பைத்தான்ல எழுதியிருக்கேன், மூணு கட்டமும் சரியாத்தான் எடுக்கறேன். ஆனா 4×5 கிரிட் எதைக் கொடுத்தாலும் 16 வருது. 3×7 கொடுத்தா 9. உள்ளே எத்தனை 0 இருந்தாலும் அதேதான்.

தாழம்பூ · மார்ச் 4, மதியம் 1:10

`if grid[i][j]:` என்று எழுதியிருப்பீர்கள். LeetCode அந்தக் கணக்கில் எண்ணாகத் தருவதில்லை, எழுத்தாகத் தருகிறது. பைத்தானில் `'0'` காலியில்லாத ஒரு சரம், ஆகவே அதுவும் உண்மைதான். எல்லாக் கட்டமும் 1 என்று ஆகிவிடுகிறது. சிறிய பக்கத்தின் வர்க்கமே எப்போதும் விடையாக வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், இதுதான். `== '1'` என்று மாற்றுங்கள்.

சி++-இலும் இதே வலை. `if (grid[i][j])` என்றால் `'0'`-இன் மதிப்பு 48, அதுவும் உண்மை.

வெண்பா_3 · மார்ச் 4, மதியம் 1:31

மாத்திட்டேன். சில சோதனை சரி, சிலது இன்னும் அதிகமா வருது. மேற்குமலை போட்ட கிரிட்டுக்கு 25 வருது! மூணுக்கும் `min` போட்டுத்தான் இருக்கேன், மூலையை விடவே இல்ல.

```python
dp = [[0] * n] * m
```

ஆரம்பம் இப்படி. 0 வந்தா `else`-ல 0 எழுதறேன்.

மேற்குமலை · மார்ச் 4, மதியம் 2:15

25 வருவதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. `[[0]*n]*m` என்பது m வரிசைகளை உண்டாக்குவதில்லை. ஒரே வரிசையை m தடவை சுட்டுகிறது. `dp[i-1]`-உம் `dp[i]`-உம் ஒரே பொருள்.

அதனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். `dp[i-1][j]`-ஐப் படிக்கும்போது அந்த இடம் இன்னும் மாற்றப்படவில்லை, போன வரிசையின் மதிப்புதான் இருக்கிறது. மேல் சரி. `dp[i][j-1]` இப்போதுதான் எழுதியது. இடது சரி. ஆனால் `dp[i-1][j-1]`-உம் இப்போது எழுதிய அதே இடம்தான். போன வரிசையின் மதிப்பு அழிந்துவிட்டது. ஆகவே மூலை என்று நினைத்து இடதையே இரண்டு முறை படிக்கிறீர்கள். குறிஞ்சி_கே சொன்ன இரண்டு-கட்டக் கணக்கு அப்படியே நடக்கிறது.

```python
dp = [[0] * n for _ in range(m)]
```

இப்படி எழுதினால் வரிசைகள் தனித்தனியாகிவிடும்.

வெண்பா_3 · மார்ச் 4, மதியம் 2:22

16 வந்துடுச்சு. நன்றிங்க.

குறிஞ்சி_கே · மார்ச் 4, மாலை 6:47

(0,3) விளக்கம் பிடிபட்டது. ஆனாலும் என் வாதத்தில் பாதி நிற்கிறது என்றே நினைக்கிறேன். மேல் கட்டமும் இடக் கட்டமும் வெவ்வேறு எண்ணாக இருந்தால்? மேற்குமலையின் கிரிட்டில் (4,3): மேலே 3, இடப்பக்கம் 2. அங்கே மூலையைக் கேட்காமலேயே 3 என்று எழுதிவிடலாம் போலிருக்கிறதே. இரண்டும் சமமாக இருக்கும்போது மட்டும்தான் சிக்கலா?

மேற்குமலை · மார்ச் 4, இரவு 8:05

ஆம், அந்தப் பாதி சரி, அழகாகவும் இருக்கிறது. சிறியது m என்று வையுங்கள். இன்னொன்று குறைந்தது m+1. அந்தப் பெரிய சதுரம் ஒரு வரிசை (அல்லது ஒரு நெடுவரிசை) கூடுதலாக நீண்டு எதிர்க் கோடிக் கட்டத்தையும் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. அப்போது மூலைக்குச் சொல்ல மிச்சம் எதுவும் இல்லை. இரண்டும் சமமாக இருக்கும்போது மட்டும் அந்த ஒற்றைக் கட்டம் வெளியே நிற்கிறது.

சமமாக இருந்தாலும் விடை m அல்லது m+1, வேறு எதுவும் வராது. மூலையின் மதிப்பு m-1-க்குக் கீழே போக முடியாது, ஏனென்றால் இடப்பக்கச் சதுரத்தின் கடைசி வரிசையை நீக்கினால் மிஞ்சுவதற்குள்ளேயே மூலையில் முடியும் m-1 சதுரம் இருக்கிறது.

அதனால் மூலையைக் கேட்காமல், நேராக அந்த எதிர்க் கோடிக் கட்டத்தையே கிரிட்டில் பார்க்கலாம்:

```python
if grid[i][j] == '1':
    m = min(up, left)
    dp[i][j] = m + (grid[i-m][j-m] == '1')
```

`i-m` எதிர்மறையாகப் போகுமா என்று பயப்பட வேண்டாம். மேல் கட்டத்தில் முடியும் சதுரத்தின் பக்கம் i-ஐத் தாண்டாது, இடப்பக்கத்தது j-ஐத் தாண்டாது. m 0 என்றால் பார்ப்பது நாம் நிற்கும் கட்டத்தையே, அது 1, மதிப்பு 1. முதல் வரிசை, முதல் நெடுவரிசைக்கு `up` அல்லது `left` 0 என்று கொடுத்தால் போதும். வெளியில் உள்ள `if`-ஐ மட்டும் எடுத்துவிடாதீர்கள்; நிற்கும் கட்டம் 0-ஆக இருந்து m 2 என்றால் தவறாக 2-ஓ 3-ஓ எழுதிவிடும்.

குறிஞ்சி_கே · மார்ச் 4, இரவு 8:30

அப்படியானால் `dp`-இல் மூலையை வைத்திருக்கவே வேண்டாம். ஒற்றை வரிசை வைத்து எழுதும்போது `diag` மாறிதான் எல்லோரையும் குழப்புகிறது. இதைப் போட்டால் அது ஒழிந்தது.

தாழம்பூ · மார்ச் 5, காலை 7:50

`diag` ஒழியும், ஆனால் கிரிட் முழுவதையும் நினைவகத்தில் வைத்தாக வேண்டும். `grid[i-m][j-m]` எத்தனை வரிசை பின்னால் இருக்கும் என்று சொல்ல முடியாது. கோப்பிலிருந்து வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும் வேலைக்கு இது ஆகாது. மூலை மதிப்பின் பலமே அதுதான்: எங்கோ பின்னால் இருக்கும் கட்டத்தின் செய்தி ஒரே எண்ணாகப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

ஒற்றை வரிசை வடிவம்:

```python
def side(rows, n):
    dp = [0] * (n + 1)
    best = 0
    for row in rows:
        diag = 0
        for j in range(1, n + 1):
            up = dp[j]
            if row[j-1] == '1':
                dp[j] = min(up, dp[j-1], diag) + 1
                best = max(best, dp[j])
            else:
                dp[j] = 0
            diag = up
    return best
```

`dp[0]` எப்போதும் 0, அது இடது ஓரத்துச் சுவர். இதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஒவ்வொரு வரிசை தொடக்கத்திலும் `diag = 0`. இரண்டு, `diag = up` என்பது `if`-க்கு வெளியே இருக்க வேண்டும். மூன்று, `else`-இல் `dp[j] = 0`. மூன்றில் எதை விட்டாலும் விடை கெடும்.

மேற்குமலை · மார்ச் 5, காலை 9:20

மூன்றாவதை விட்டால் கெடும். முதல் இரண்டை விட்டால் கெடாது.

சுழலுக்கு முன் ஒரே ஒரு தடவை `diag = 0` கொடுத்திருந்தால் போதும். அதன்பின் வரிசை தொடக்கத்தில் `diag`-இல் பழைய குப்பை இருந்தாலும், j=1-இல் இடது என்பது `dp[0]`, அது 0. `min` எப்படியும் 0, எழுதுவது 1. அடுத்த வரியிலேயே `diag = up` சரியாகிவிடுகிறது.

`diag = up`-ஐ `if`-க்குள் வைத்தால்: 0 வந்த கட்டத்தில் `diag` பழையதாகவே நிற்கும். ஆனால் அதற்கு வலப்பக்கம் 1 வந்தால் அதன் இடது 0. மறுபடியும் `min` 0. அந்த 1-ஐத் தாண்டும்போது `diag` புதுப்பிக்கப்பட்டுவிடும். பழைய `diag`-ஐ நம்பி முடிவெடுக்கும் கட்டம் ஒன்றுகூட வராது.

மூன்றாவது வேறு. இதைப் பாருங்கள்:

```
1 1
0 1
```

0 எழுதாமல் விட்டால், இரண்டாம் வரிசையில் `dp[1]` போன வரிசையின் 1-ஆகவே நிற்கிறது. அடுத்த கட்டத்துக்கு மேல் 1, இடது பொய்யான 1, மூலை 1. பக்கம் 2 என்கிறது, சரியான விடை 1. முழு இரு பரிமாண `dp`-இல் இந்தப் பிழை வெளிப்படாது, அங்கே ஒவ்வொரு கட்டமும் 0-உடன்தான் பிறக்கிறது. அதிலிருந்து ஒற்றை வரிசைக்கு மாற்றும்போது `else` தேவை என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

தாழம்பூ · மார்ச் 5, காலை 9:44

முதல் இரண்டும் பிழைக்காமல் தப்புகின்றன என்பது சரி. ஆனாலும் நான் அவற்றைச் சரியான இடத்திலேயே வைப்பேன். இதே சட்டத்தை வேறு கணக்குக்கு எடுத்துப் போகும்போது அந்தத் தற்செயல் காப்பாற்றாது.

நெய்தல்_எஸ் · மார்ச் 5, மதியம் 12:18

சதுரத்தின் நாலு ஓரமும் 1 ஆக இருந்தால் போதும்தானே? உள்ளே என்ன இருந்தால் நமக்கென்ன. ஒவ்வொரு கட்டத்திலும் இடப்பக்கமாக எத்தனை 1 தொடர்கிறது, மேல்பக்கமாக எத்தனை தொடர்கிறது என்று இரண்டு அட்டவணை வைத்தால் முடிந்தது. `min` எதற்கு?

தாழம்பூ · மார்ச் 5, மதியம் 12:35

அது 1139, ஓரம் மட்டும் 1-ஆக உள்ள சதுரம். வேறு கணக்கு. அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் சாத்தியமான பக்கங்களைப் பெரியதிலிருந்து சோதித்து இறங்க வேண்டியிருக்கும். இங்கே உள்ளேயும் நிறைந்திருக்க வேண்டும்.

உங்கள் இரண்டு அட்டவணையை இதற்கும் பயன்படுத்தலாம், மூலை மதிப்பையும் சேர்த்துக்கொண்டால். மூலை + 1, இடப்பக்கத் தொடர், மேல்பக்கத் தொடர், மூன்றில் சிறியது. விடை அதேதான். அட்டவணை மட்டும் இரண்டு கூடுதல்.

கடலோரன் · மார்ச் 5, மாலை 5:02

என் வேலையில் இது நேராக வருகிறது. நிலப் பயன்பாட்டு ராஸ்டர் வரைபடம், 30000×30000 கட்டம். கட்டடமோ நீரோ இல்லாத பெரிய சதுர நிலம் எங்கே என்று வேண்டும். மூன்று கேள்வி. நினைவகம் தாங்குமா? இடத்தை எப்படிக் குறித்துக்கொள்வது? மூன்றாவதுதான் தலைவலி: வகைப்படுத்தியதில் அங்கங்கே ஒற்றைக் கட்டம் தவறாக 0 ஆகிவிடுகிறது. ஒரு பெரிய வெற்று நிலத்தின் நடுவில் ஒரே ஒரு பொய்யான 0 விழுந்தால் விடை பாதியாகச் சுருங்குகிறது. இரண்டு மூன்று 0 வரை மன்னிக்கும்படி `min` வரியை மாற்ற முடியுமா?

மேற்குமலை · மார்ச் 5, இரவு 7:40

முதல் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

30000×30000 என்பது 90 கோடி கட்டம். நான்கு பைட் எண்ணாக முழு `dp` வைத்தால் 3.6 ஜிபி. ஒற்றை வரிசை வைத்தால் 30001 எண், சுமார் 120 கேபி. பக்கம் 30000-ஐத் தாண்டாது என்பதால் இரண்டு பைட் எண்ணே போதும், அப்போது 60 கேபி. கோப்பை வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம். இந்த அளவுக்குத் தூய பைத்தான் சுழல் வேண்டாம், சி++ அல்லது அதற்கு ஈடான ஒன்றில் எழுதுங்கள்.

பரப்பைக் கணக்கிடும்போது எண்ணின் வகையைப் பார்க்க வேண்டும். 30000-இன் வர்க்கம் 90 கோடி, 32 பிட்டில் அடங்கும். பக்கம் 46340 வரை அடங்கும், 46341-இல் குறி புரண்டு எதிர்மறையாகும். பெரிய வரைபடத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே 64 பிட் எடுங்கள்.

இடத்துக்கு `best` உயரும்போது i, j இரண்டையும் எழுதிவையுங்கள். மேல் இடது முனை `(i-best+1, j-best+1)`. ஆனால் தாழம்பூவின் நிரலில் j 1-இலிருந்து ஓடுகிறது. அங்கே நெடுவரிசை `j-best` மட்டும், +1 இல்லை. இந்த ஒரு கட்ட நகர்வு வரைபடத்தில் ஒரு பிக்சல் தள்ளி விழும், கண்ணால் பார்த்துப் பிடிப்பது கடினம். சதுரம் முழுவதையும் மறுபடி படித்து எல்லாம் 1-ஆ என்று ஒரு தடவை சரிபார்க்கும் வரியைச் சேர்த்துவிடுங்கள்.

குறிஞ்சி_கே · மார்ச் 5, இரவு 8:11

0-ஐ மன்னிக்க ஒரு வழி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றுக்குப் பதில் k+1 மதிப்பு: 0 மன்னிப்போடு, 1 மன்னிப்போடு என்று. அடுக்கு அடுக்காக அதே `min`.

மேற்குமலை · மார்ச் 5, இரவு 9:02

போகாது. மூன்று சதுரங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மூன்றும் தலா ஒரு 0-ஐ மன்னித்திருந்தால், அது மூன்றுக்கும் பொதுவான ஒரே 0-ஆ, மூன்று வெவ்வேறு 0-ஆ என்று எண்களிலிருந்து தெரியாது. முதல் வகையில் மொத்தம் 1, இரண்டாவதில் 3. எல்லாம் 1-ஆக இருக்க வேண்டும் என்னும்போது மட்டும்தான் படிந்த இடத்தை இருமுறை எண்ணுவது பாதகமில்லாமல் போகிறது. `min` வரி வேலை செய்வதற்குக் காரணமே அது.

மன்னிப்புக்கு முன்கூட்டல் அட்டவணை வையுங்கள். `P[i][j]` என்பது மேல் இடது முனையிலிருந்து அதுவரை உள்ள 0-களின் எண்ணிக்கை. எந்தச் சதுரத்திலும் எத்தனை 0 என்பதை நாலு எண்ணைக் கூட்டிக் கழித்து எடுக்கலாம். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி: இங்கே முடியும் `best+1` பக்கச் சதுரத்தில் 0-கள் k-க்குள் இருக்கின்றனவா?

```python
# P-க்கு மேலேயும் இடப்பக்கமும் ஒரு 0 ஓரம் உண்டு; i, j 1-இலிருந்து
def zeros(i, j, s):
    return P[i][j] - P[i-s][j] - P[i][j-s] + P[i-s][j-s]

while best < min(i, j) and zeros(i, j, best + 1) <= k:
    best += 1
```

`best` ஏறுமே தவிர இறங்காது. ஆகவே `while` மொத்தமாக ஓடுவது கட்டங்களின் எண்ணிக்கையை ஒட்டியே. பைனரித் தேடல்கூட வேண்டாம். ஒரு சதுரம் k-க்குள் இருந்தால், அதே கீழ் வலது முனையில் முடியும் சிறிய சதுரமும் k-க்குள்தான் இருக்கும். அதனால் இப்படி ஒவ்வொன்றாக ஏறுவதில் எதுவும் தப்பாது. k-ஐ 0 என்று வைத்தால் முதல் கணக்கே வந்துவிடும். இரண்டையும் ஒரே கிரிட்டில் ஓட்டி ஒப்பிடலாம்.

விலை: `P` பின்னால் `best+1` வரிசை வரை தேவை. ஒற்றை வரிசைச் சிக்கனம் இங்கே இல்லை. 90 கோடி வரை போகும் எண்ணிக்கைக்கு நாலு பைட் வேண்டும், முழுதாக வைத்தால் 3.6 ஜிபி. கடைசி `best+2` வரிசைகளை மட்டும் சுழற்சியாக வைத்துக்கொண்டால், சதுரம் 2000 பக்கத்துக்குள் இருக்கும் என்று தெரிந்த வரைபடத்தில் 240 எம்பி அளவில் முடியும்.

கடலோரன் · மார்ச் 6, காலை 8:15

இது போதும், நன்றி. k-ஐ நிலையாக வைக்காமல் பரப்பில் இத்தனை சதவீதம் என்று வைத்தால்?

மேற்குமலை · மார்ச் 6, காலை 8:52

அப்போது மேலே சொன்ன ஏறுமுறை உடையும். பெரிய சதுரம் சதவீதத்துக்குள் இருந்து, அதே முனையில் முடியும் சிறியது வெளியே போகலாம். 0-கள் எல்லாம் கீழ் வலது முனையை ஒட்டிக் குவிந்திருந்தால் போதும். எல்லாப் பக்க அளவையும் சோதிப்பதைத் தவிர்க்கும் சுத்தமான வழி எதுவும் என்னிடம் இல்லை.

வெண்பா_3 · மார்ச் 6, மதியம் 1:20

எழுதினது சரியான்னு நானே எப்படி சோதிக்கறது? பெரிய கிரிட்டுக்குக் கையால போட முடியல.

தாழம்பூ · மார்ச் 6, மதியம் 2:06

சின்ன கிரிட்டுகளே போதும். 4×4-க்குள் 0, 1-ஐக் குலுக்கிப் போட்டு, எல்லாச் சதுரத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் முட்டாள்தனமான நிரலோடு ஒப்பிடுங்கள். 1-களைக் கொஞ்சம் அதிகமாகப் போடுங்கள், நாலில் மூன்று என்பதுபோல். பாதிக்குப் பாதி போட்டால் பெரும்பாலும் பக்கம் 1, 2-ஓடு நின்றுவிடும், மூலைப் பிழை வெளியே வருவதற்கு வாய்ப்பு குறையும்.

பெரியதை மட்டும் ஒப்பிடாமல் `dp` எண்கள் எல்லாவற்றையும் கூட்டி ஒப்பிட்டால் இன்னும் கூர்மை. ஒரு கட்டத்தில் 3 என்றால் அங்கே முடியும் சதுரங்கள் மூன்று: பக்கம் 1, 2, 3. ஆகவே மொத்தக் கூட்டல் கிரிட்டில் உள்ள எல்லாச் சதுரங்களின் எண்ணிக்கை. 1277-ஆம் கணக்கு கேட்பதே இதைத்தான். மேற்குமலையின் கிரிட்டுக்கு 46 வர வேண்டும்: பக்கம் 1-இல் 27, 2-இல் 14, 3-இல் 4, 4-இல் 1. பெரியது தற்செயலாகச் சரியாக வந்தாலும் நடுவில் எங்கோ ஒரு கட்டம் பிசகியிருந்தால் இந்தக் கூட்டல் காட்டிக்கொடுக்கும்.

LeetCode 221 பரப்பைக் கேட்கிறது. USACO பயிற்சியில் வரும் Big Barn பக்கத்தைக் கேட்கிறது, அங்கே மரங்கள் இருக்கும் இடங்கள்தான் உள்ளீடு, மரம் இல்லாத கட்டமே 1. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு `min` வரியில் பிழை தேட வேண்டாம்.

நெய்தல்_எஸ் · மார்ச் 6, இரவு 9:30

செவ்வகத்துக்கும் இதே மூன்று கட்டத்தை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

மேற்குமலை · மார்ச் 6, இரவு 10:14

முடியாது. சதுரத்துக்கு ஒரு கட்டத்தில் முடியும் பெரியதைச் சொல்ல ஒரே எண் போதும், சிறியவை எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. செவ்வகத்தில் அதே கட்டத்தில் 1×6-உம் முடியலாம், 4×2-உம் முடியலாம், ஒன்றுக்குள் மற்றது அடங்காது. அடுத்த கட்டத்துக்கு எது உதவும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு வரிசையிலும் மேல்நோக்கிய 1-களின் உயரத்தை எடுத்து, ஸ்டாக் வைத்து ஹிஸ்டோகிராமில் பெரிய செவ்வகம் தேடுவதுதான் வழக்கமான வழி, 85-ஆம் கணக்கு. செலவு அங்கேயும் கட்டங்களின் எண்ணிக்கையை ஒட்டியதே.

குறிஞ்சி_கே · மார்ச் 7, காலை 7:35

இன்னொன்று விடுபட்டிருக்கிறது. கிரிட் மாறிக்கொண்டே இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு கட்டம் 1-லிருந்து 0 ஆனால், முழுவதையும் மறுபடி போட வேண்டுமா? மாறிய கட்டத்துக்குக் கீழும் வலமும் மட்டும்தானே பாதிக்கும்.

தாழம்பூ · மார்ச் 7, காலை 8:20

கீழும் வலமும் மட்டும், அதுவும் பழைய பெரிய பக்கத்தின் தூரத்துக்குள் மட்டும். 0-ஆக மாறினால் எண்கள் குறைய மட்டுமே செய்யும், எனவே `best`×`best` அளவுள்ள ஒரு துண்டை மறுபடி போட்டால் போதும். அதன் பிறகு பெரிய எண் எது என்று தெரிய, எந்த மதிப்பு எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்ற ஓர் எண்ணிக்கைப் பட்டியலும் வேண்டும். `best` சிறியதாக இருக்கும்வரை மலிவு. 0-லிருந்து 1 ஆகும் திசையில் எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு எனக்கு நல்ல வரம்பு கிடைக்கவில்லை. அடுத்தடுத்த வரிசையில் எதுவும் மாறவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்பது மட்டும் உறுதி. யாராவது சரியாகக் கணக்கிட்டிருந்தால் எழுதுங்கள்.